யாரும் கேட்காத விளக்கம்

ருதெய்னா வெட்டாமல் விட்ட இடம் என்று எங்கள் அலுவலகத்தில் எதுவும் கிடையாது. பேச்சைக்கூட வெட்டுவாள். "காலை வணக்கம், உம் யஸன், எப்படி இருக்கீங்க, பையன் எப்படி இருக்கான், உடம்பெல்லாம்..." என்று யாராவது ஆரம்பித்தால், "வணக்கம். நல்லா இருக்கான். நல்லா இருக்கேன். விஷயத்துக்கு வாங்க" என்பாள். ஜோர்டானின் அம்மான் நகரில் நலம் விசாரிப்பதை இப்படிப் பாதியில் நிறுத்துவது கொஞ்சம் துணிச்சலான காரியம். அவள் செய்தால் மட்டும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சிரிப்பார்கள். உம் யஸன் என்றால் யஸனின் அம்மா; யஸன் இர்பித் நகரில் படிக்கும் அவளுடைய ஒரே மகன். அவனோடு தொலைபேசியில் பேசும்போதும் அப்படித்தான்.

எங்கள் வேலை இது. யாராவது ஒரு பொறியாளரோ கணக்காளரோ இணையத்தில் நேரலையாக வெபினார் நடத்துவார். இரண்டு மணி நேரம் ஓடும். அதன் பதிவு எங்களிடம் வரும். பேசியதெல்லாம் எழுத்தாகி, ஓரத்தில் நேரக்குறிப்போடு, அச்சடித்து ருதெய்னாவின் மேஜைக்குப் போகும். திரையில் படிக்க அவளுக்குப் பிடிக்காது. சிவப்புப் பேனாவை எடுத்து அடிக்கத் தொடங்குவாள். "என் குரல் கேக்குதா?", "எல்லாரும் வந்தாச்சா?", "சாட்ல ஒரு கேள்வி வந்திருக்கு, இருங்க பாக்கறேன்". எல்லாம் போகும். படம் திறக்கக் காத்திருந்த மௌனம் போகும். மாலை வணக்கம் போகும், ஏனென்றால் பாடத்தைப் பார்ப்பவன் காலையிலும் பார்ப்பான். அவள் அடித்துத் தந்த தாள்களை வைத்துக்கொண்டு நான் காணொளியை வெட்டுவேன். வெட்டிய இடத்தில் பேசுகிறவரின் முகம் துள்ளினால் மேலே ஒரு படத்தையோ அட்டவணையையோ போட்டு மறைப்பேன். கடைசியில் இரண்டு மணி நேரம் இருபது நிமிடச் சுத்தமான பாடமாகிவிடும்.

வெட்டுவது எளிது என்று நினைக்கிறவர்கள் அவள் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார வேண்டும். "முன்னாடி சொன்ன மாதிரி" என்று ஆசிரியர் ஓரிடத்தில் சொல்லியிருப்பார். முன்னால் சொன்னதை வெட்டியிருந்தால் இதையும் வெட்ட வேண்டும், இல்லையென்றால் அந்த வாக்கியம் அநாதையாக நிற்கும். ஒரே விளக்கம் மூன்று முறை வந்தால் முதலாவதை வைப்பது புதியவர்களின் வழக்கம். அவள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் வைப்பாள். "மொதல் தடவை தனக்குத்தானே சொல்லிக்கிறாரு. ரெண்டாவது தடவைதான் புரியாத ஒருத்தனுக்குச் சொல்றாரு" என்பாள். எண்களுக்குப் பின்னால் வரும் மௌனத்தை மட்டும் தொடமாட்டாள். எழுதிக்கொள்கிறவனுக்கு அது வேண்டும்.

இந்தக் கைப்பழக்கம் அவளுக்கு டப்பிங் கூடத்திலிருந்து வந்தது. இளவயதில் வெளிநாட்டுத் தொடர்களின் வசனத்தை அரபியில் உதட்டசைவுக்குப் பொருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். நாயகி வாயை மூடுவதற்குள் காதலைச் சொல்லி முடிக்க வேண்டும். பதினைந்து வருடம் மற்றவர்களின் வாயைப் பார்த்தே வாழ்ந்தவள். கணவர் இறந்தபின் இங்கே வந்தாள்.

இன்ஜினியர் ஃபவ்வாஸ் எங்களுக்குக் கிடைத்த பெரிய ஆள். வளைகுடா முழுக்கக் கிரேன்களின் கீழே நின்று தலை நரைத்தவர். ஓய்வுபெற்று அம்மான் திரும்பியதும் கிரேன் ஓட்டுநர்களுக்கும் தளப் பொறுப்பாளர்களுக்கும் இணையத்தில் வகுப்பு எடுத்தார். சுமை அட்டவணையை எப்படிப் படிப்பது என்பதுதான் அவருடைய பெயர்பெற்ற வகுப்பு. அட்டவணையில் ஒரு எண் இருக்கும், இந்தத் தூரத்தில் இந்தக் கிரேன் இவ்வளவு தூக்கும் என்று. அந்த எண்ணை அப்படியே நம்பினால் ஆள் சாவான். அதிலிருந்து கொக்கியின் எடை, கட்டும் பட்டைகளின் எடை, வளையங்களின் எடை எல்லாம் கழிய வேண்டும். மிச்சம்தான் நீ தூக்கலாம்.

அதை அவர் சொல்கிற விதம் எல்லோருக்கும் மனப்பாடம். "கொக்கி பட்டினியா வேலைக்கு வராது, மக்களே. மொதல்ல அது சாப்பிடும். மிச்சம் இருந்தாத்தான் உங்களுக்கு." சொல்லிவிட்டுத் தன் தொந்தியைத் தட்டுவார். எங்கள் முதலாளி சுஹைப் மதியம் கஅக் ரொட்டியைப் பிய்க்கும்போதெல்லாம், "கொக்கி மொதல்ல சாப்பிடும்" என்று சொல்லிப் பெரிய துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான்.

பாடங்கள் நன்றாக ஓடின. பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே எழுதினார்கள்: எவ்வளவு தெளிவு, ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. ஃபவ்வாஸ் ஒரு நாள் இனிப்புப் பெட்டியோடு வந்தார். "உம் யஸன், என்னை விட நீங்க வெட்டி எடுத்த ஃபவ்வாஸ் கெட்டிக்காரன். அவனைப் பாத்துத்தான் நான் பேசக் கத்துக்கறேன்" என்றார். ருதெய்னா, "இனிப்பை வெச்சுட்டுப் போங்க, வேலை இருக்கு" என்றாள். காது மட்டும் சிவந்திருந்தது.

குளிர்காலம் முடியும் தறுவாயில்தான் அவள் பேனா முதல்முறையாக நடுவில் நின்றது. நான் பக்கத்து மேஜை. தாளை என் பக்கம் தள்ளினாள்.

"இதைப் படி. கொக்கி சாப்பிடற கதை. எத்தனை தடவை வருது?"

"மூணு. அடிச்சிடலாமே."

"அடிக்கறது இருக்கட்டும். ஏன் மறுபடி சொன்னாரு?"

தேடினேன். வழக்கமாக மறுமுறைக்கு ஒரு காரணம் இருக்கும். யாராவது தாமதமாக வந்திருப்பார்கள், யாருக்காவது ஒலி அறுந்திருக்கும், சாட்டில் கேள்வி வந்திருக்கும். இங்கே எதுவும் இல்லை. யாரும் கேட்கவில்லை. மூன்று இடத்திலும் ஒரே வார்த்தைகள், அதே "மக்களே". காணொளியை ஓட்டினோம். அதே இடத்தில் தொந்தியைத் தட்டினார். மூன்றாவது முறையும் புதிதாகச் சொல்கிறவரின் முகம், சிரிப்புக்காகக் காத்திருக்கும் முகம்.

"கேட்டதால வர்ற மறுபடி வேற, கேக்காம வர்ற மறுபடி வேற" என்றாள் ருதெய்னா. இரண்டை அடித்தாள். ஒன்றை வைத்தாள்.

அதற்குப் பிறகு மௌனங்களும் மாறின. முன்பெல்லாம் அவருடைய மௌனத்துக்கு ஒரு காரணம் திரையில் தெரியும், படம் திறந்துகொண்டிருக்கும். இப்போது அட்டவணை முழுதாகத் திறந்து கிடக்கும். சுட்டியின் அம்பு ஒரு கட்டத்தின் மேல் அசையாமல் நிற்கும். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு, "ஆங்... சரி" என்று வேறெங்கோ தொடங்குவார். ருதெய்னா சிவப்பால் அடித்தாள். நான் வெட்டினேன். வெட்டிய பிறகு பார்த்தால் அந்த மனிதர் ஒரு நொடிகூடத் தயங்காதவர்.

எங்கள் சன்னலுக்கு எதிரே பாதியில் நின்றுபோன ஒரு கட்டடம். அதன் தலையில் ஒரு கோபுரக் கிரேன். வேலை இல்லாத நேரத்தில் அதன் கையைப் பூட்டக்கூடாது, காற்று திருப்பும் பக்கம் திரும்ப விட்டுவிட வேண்டும், பூட்டினால் சாய்ந்துவிடும் என்று ஃபவ்வாஸின் பாடத்திலிருந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த வசந்தத்தில் மண்காற்று அடித்துக்கொண்டே இருந்தது. வானம் பழைய தாளின் நிறத்தில் இருந்தது. கிரேன் யாரும் ஓட்டாமல் எங்களைப் பார்க்கத் திரும்பும், பிறகு எங்களிடமிருந்து திரும்பிக்கொள்ளும்.

அப்புறம் அந்த வகுப்பு வந்தது. ஃபவ்வாஸ் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். அட்டவணை பன்னிரண்டு டன் என்கிறது. சுமை பதினொன்றரை. "தாராளமாத் தூக்கலாம்" என்றார். கழிக்கவே இல்லை. சாட்டில் ஓமானிலிருந்து ஒரு ஓட்டுநர் எழுதியிருந்தான்: "இன்ஜினியர், கொக்கி சாப்பிடலையா?" மற்றவர்கள் சிரிப்புப் படங்கள் போட்டிருந்தார்கள். ஃபவ்வாஸ் அதை வாய்விட்டுப் படித்தார். நிமிர்ந்தார்.

"எந்தக் கொக்கி?" என்றார்.

அவரும் சிரித்தார். எல்லோரும் சிரிப்பதால் சிரித்தார். கிண்டலுக்குத்தான் அப்படிக் கேட்டார் என்று அத்தனை பேரும் நினைத்திருக்க வேண்டும்.

ருதெய்னா அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தாள். பிறகு பழைய பதிவுகளை எடுக்கச் சொன்னாள். போன வருடத்து வகுப்பு ஒன்றில் அவர் கழிக்கும் முறையை அழகாகச் சொல்லியிருந்தார். அந்தப் பகுதியை எடுத்து இங்கே பொருத்தினாள். "தாராளமாத் தூக்கலாம்" போனது. அதற்குப் பதிலாக இன்னொரு வகுப்பிலிருந்து "இதைத் தூக்கக்கூடாது" வந்தது. சட்டை நிறம் வேறு. மேலே அட்டவணையை நிறுத்தி மறைத்தேன். பாடம் கச்சிதமாக வந்தது. அது இதுவரை வந்ததிலேயே சிறந்தது என்று சுஹைப் சொன்னான்.

"இதுல ஒரு வாக்கியம்கூட அவர் இப்ப சொன்னதில்ல" என்றாள் ருதெய்னா அவன் போன பிறகு.

அந்தப் பாடத்தைப் பார்த்துத்தான் அகபாவிலிருந்து ஆள் வந்தது. கடற்கரையில் ஏதோ ஆலை கட்டும் ஒப்பந்ததாரர். பெரிய கலன்களைத் தூக்கி நிறுத்த வேண்டும், தூக்கும் திட்டத்தைப் போட்டுக் கொடுத்து நேரில் நின்று நடத்தவும் இன்ஜினியர் ஃபவ்வாஸே வேண்டும் என்றார்கள். வகுப்பு இல்லை, தளம். உண்மையான கலன், அதன் கீழே உண்மையான ஆட்கள்.

ஃபவ்வாஸ் இருபது வயது குறைந்தவராக வந்து நின்றார். புதிதாக முடிவெட்டியிருந்தார். "மறுபடியும் தளத்துக்கு! உம் யஸன், கேட்டீங்களா? மனைவி போனதிலிருந்து கேமராவைப் பாத்தே பேசிட்டிருக்கேன். கொக்கிக்குக் கீழ நின்னு அண்ணாந்து பாக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

ஒரு சிறு ஒலிப்பதிவு பாக்கி இருப்பதாகச் சொல்லி ருதெய்னா அவரைப் பதிவறைக்குள் அழைத்துப்போனாள். நானும் போனேன். ஒலிவாங்கியைச் சரிசெய்தேன். அவள் எழுதிக் கொடுத்ததைப் படித்தார். கொக்கி, பட்டை, வளையம், எல்லாம் கழித்து மிச்சம். ஒரே மூச்சில், கம்பீரமாக.

"அருமை" என்றாள் அவள். தாளை மெல்ல அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இப்ப இதைப் பாக்காம, உங்க வாயால ஒரு தடவை. இயல்பா இருக்கும். அட்டவணை பத்து டன்னுங்குது. எவ்வளவு தூக்கலாம்?"

"பத்து" என்றார்.

அறை சத்தம் புகாதபடி கட்டியது. அவர் மூச்சு மட்டும் என் ஹெட்ஃபோனுக்குள் கேட்டது.

"கொக்கி என்ன பண்ணும், இன்ஜினியர்?"

"தூக்கும். வேற என்ன பண்ணும்?" அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ தவறிவிட்டது என்பது தெரிந்தது, என்ன என்பது தெரியவில்லை. "ஏம்மா, எனக்கே பரீட்சையா?"

"பரீட்சைதான். கோச்சுக்காதீங்க. அகபாவுக்குப் போகாதீங்க."

அவர் முகம் இறுகியது. தணிந்த குரலில், "களைப்பு. தூக்கம் சரியில்ல. நீங்கதான் வெட்டிடுவீங்களே" என்றார்.

"அங்க வெட்ட முடியாது."

"பாடம் என் கைபேசில இருக்கு. தளத்துக்குப் போறதுக்கு முன்னாடி பாத்துப்பேன். ஒவ்வொரு வகுப்புக்கு முன்னாடியும் அதைத்தான் பண்றேன்." எழுந்தார். கதவருகே நின்று, "இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க, உம் யஸன். உங்களை என் கூடப்பொறந்தவளா நெனச்சுக் கேக்கறேன்" என்றார்.

அப்போது எனக்கு இனிப்புப் பெட்டி ஞாபகம் வந்தது. அவனைப் பாத்துத்தான் நான் பேசக் கத்துக்கறேன். அன்று அதை நகைச்சுவை என்று நினைத்திருந்தோம்.

ருதெய்னா சுஹைபிடம் போனாள். கதவைச் சாத்தவில்லை.

"அவரை அனுப்பக்கூடாது. அவருக்கு மறதி வந்துடுச்சு."

"யாருக்குத்தான் வரல? நேத்து நான் காரை எங்க விட்டேன்னே தெரியல."

"கார் ஆள் மேல விழாது, சுஹைப்."

"உம் யஸன், நீங்க டாக்டரா? ஒரு மனுஷனுக்குப் புத்தி தடுமாறுதுன்னு நாம வெளில சொல்லி, அது பொய்யாப் போனா? அவர் பொண்ணு கனடாவுல இருக்கா. அங்கருந்து கூப்பிட்டு என்னைக் கிழிச்சுத் தொங்கவிடுவா. எங்க இருக்கு ஆதாரம்? நம்ம பாடத்தைப் பாருங்க. முத்து முத்தா பேசறாரு."

ஆதாரத்தையெல்லாம் அடித்தது அவளேதான்.

மகளின் எண்ணைத் தேடிப் பேசினாள். மகள் மரியாதையாகத்தான் கேட்டாள். "நானும் அந்தப் பாடங்களைப் பாக்கறேன். அப்பாவுக்கு என்ன? நல்லாத்தானே பேசறாரு" என்றாளாம்.

ஒப்பந்ததாரர் கடிதம் எழுதினார். கையெழுத்துப் போடுமுன் தளத்துப் பொறுப்பாளர்கள் பார்க்க வேண்டும், இன்ஜினியரின் கடைசிப் பாடத்தை அனுப்புங்கள் என்று. அனுப்புவது ருதெய்னாவின் வேலை. சன்னலுக்கு வெளியே மண்காற்று எதிர்க் கட்டடத்தைப் பாதி மறைத்துவிட்டிருந்தது. கிரேனின் கை மட்டும் புழுதிக்குள்ளிருந்து நீண்டு, வந்து, போனது.

"வெட்டாத பதிவு எங்க வெச்சிருக்கே?" என்றாள்.

காட்டினேன். இரண்டு மணி நேரக் கச்சாப் பதிவு. "குரல் கேக்குதா"விலிருந்து தொடங்குவது. அவள் கையால் அது வெளியே போனதே இல்லை. அடுப்பிலிருந்து பாதி வெந்ததை விருந்தாளிக்கு எடுத்து வைப்பது போலத்தான் அவளுக்கு. அனுப்பும் பெட்டியில் அதைப் போட்டாள். விளக்கம் ஒன்றும் எழுதவில்லை. அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

"உம் யஸன், அது தப்பான பதிவு" என்றேன், தெரிந்தே.

"அதுதான் சரியானது" என்றாள். அனுப்பினாள்.

அகபாவில் யாரோ ஒருவர் பொறுமையாக முழுதும் பார்த்திருக்க வேண்டும். கேட்காத மறுமுறைகளை, திறந்து கிடந்த அட்டவணைக்கு முன்னால் நின்ற அந்த மௌனங்களை, "எந்தக் கொக்கி?"யை. வந்த பதில் சுருக்கம்: திட்டத்தில் மாற்றம், வேறு ஏற்பாடு செய்துகொண்டோம், இன்ஜினியருக்கு எங்கள் மரியாதை.

சுஹைப் கத்தினான். உள்ளே கத்தி முடித்து வெளியே வந்தும் கத்தினான். மாத முடிவோடு போய்விடச் சொன்னான். அவள் அப்போதே தன் பேனாக்களை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது மேஜைத் தொலைபேசி ஒலித்தது. கையில் பொருள்கள் இருந்ததால் ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"உம் யஸன், அகபாக்காரங்க வேணாம்னுட்டாங்க" ஃபவ்வாஸின் குரல். "வெட்டாத பதிவை யாரோ அனுப்பிட்டாங்களாம். யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"நான்தான், இன்ஜினியர்."

மறுமுனையில் எதுவும் இல்லை. என் விரல் தன்னால் விசைப்பலகையின் மேல் போனது. அந்த நீளத்து மௌனத்தை நான் நூறு முறை வெட்டியிருக்கிறேன்.

"நீங்களா?" என்றார். "கூடப்பொறந்தவள்னு சொன்னேனே."

"அதனாலதான். கொக்கியோட எடையை நீங்க கழிக்கல. கீழ ஆளுங்க நிப்பாங்க."

"கழிக்கலையா நான்?" குரல் உடைந்தது. "நானா கழிக்கல?" அழுகிறாரா என்று தெரியவில்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. அவள் தொலைபேசியைப் பார்த்தபடி நின்றாள், முன்பு உதடுகளைப் பார்த்தவள்.

பிறகு அங்கே தொண்டையைச் செருமும் சத்தம். நாற்காலி நகரும் சத்தம்.

"உம் யஸன்" என்றார், தெளிவாக, இப்போதுதான் அழைத்தவர்போல. "அகபாக்காரங்க வேணாம்னுட்டாங்க. வெட்டாத பதிவை யாரோ அனுப்பிட்டாங்களாம். யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ருதெய்னா என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு கணம் எனக்குப் புரியாத ஒரு பயம் இருந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். அவருக்கு வலிக்காது, இவளுக்கும் வலிக்காது. அழகாக வெட்டுப்படும் இடம் அது.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொலைபேசியின் இருபுறமும் வைத்துக்கொண்டாள்.

"நான்தான், இன்ஜினியர்" என்றாள்.

மறுமுனை மீண்டும் மௌனமானது. பிறகு, முதல்முறை கேட்கிறவரின் குரலில், "நீங்களா?" என்று வந்தது.